ஐந்து லிங்க்குகளில் எஞ்சியது ஒன்று

‘இது ரொம்ப எளிது’, ‘இதை மட்டும் செய்தால் போதும்’, ‘எல்லோருக்கும் தெரிந்ததுதான்’ போன்ற சொற்களைக் கட்டுரையில் எழுதாதீர்கள் என்று ஓர் இணையதளம் தன் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறது. நியூயார்க்கில் தொடங்கிய டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனம் அது. சர்வர்களை வாடகைக்கு விடுவது அதன் தொழில். கூடவே, சர்வரை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுக்கும் செய்முறைக் கட்டுரைகளின் பெரிய தொகுப்பையும் அது நடத்துகிறது. அவற்றில் பல, வெளியாட்கள் எழுதியவை. அதற்காக அந்நிறுவனம் நடத்திய ‘ரைட் ஃபார் டொனேஷன்ஸ்’ திட்டத்தில் எழுதியவருக்குச் சன்மானம் உண்டு. ஓர் அறநிறுவனத்துக்கு நன்கொடையும் போகும்.

‘எளிது’ என்ற சொல் மேல் ஏன் இந்தக் கோபம்? கட்டுரையைப் படித்துக்கொண்டே கட்டளைகளைத் தட்டச்சு செய்பவருக்கு எங்கேயோ பிழைச்செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ‘எளிது’ என்ற சொல் கண்ணில் பட்டால், தப்பு தன்னிடம்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார். அவரை அந்த இடத்தில் நிறுத்தாமல் இருக்கத்தான் விதி. நடைக் கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இப்படி ஒரு வாசகர் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்தவருக்கு மற்ற விதிகள் தாமாகவே புரிந்துவிடுகின்றன. கண்டுபிடிக்காதவர் விதிகளை ஒவ்வொன்றாக டிக் அடித்து அனுப்பினாலும் கட்டுரை திரும்பி வருகிறது.

பிறர் நடத்தும் தளத்தில் எழுதும் இத்தகைய விருந்தினர் கட்டுரையை எப்படி மாற்றி அமைப்பது? ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், தன் சொந்த வலைப்பூவில் ஒரு பதிவு எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். அவரிடம் இரண்டு சர்வர்கள். ஒன்றில் நிறுவனத்தின் இணையதளம்; மற்றொன்றில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். டேட்டாபேஸ் இருக்கும் சர்வருக்குள் இணையதள சர்வரைத் தவிர வேறு யாரும் நுழையக் கூடாது. அதற்கு அவர் உபுண்டு இயங்குதளத்தோடு வரும் `ufw` என்ற ஃபயர்வாலைப் பயன்படுத்தினார். அடுக்ககத்து வாட்ச்மேன் கையில் இருக்கும் பெயர்ப்பட்டியல் போன்றது ஃபயர்வால். பட்டியலில் இல்லாதவருக்குக் கதவு திறக்காது. பதிவை அவர் தன் நண்பர்களை மனதில் வைத்து எழுதினார். நடுநடுவே நகைச்சுவை உண்டு, லிங்க்குகள் ஐந்து. இப்போது இதே விஷயத்தை டிஜிட்டல் ஓஷன் போன்ற ஒரு தளத்துக்குக் கொண்டுபோக நினைக்கிறார்.

முதல் வேலை எழுதுவதல்ல, தேடுவது. கூகுளில் இப்படித் தட்டச்சு செய்தால் அந்தத் தளத்தில் ஏற்கெனவே இருப்பது தெரியும்:

```
site:digitalocean.com/community ufw
```

`ufw` ஃபயர்வாலை அமைப்பது பற்றிய பொதுவான கட்டுரை அங்கே முன்பே இருக்கிறது. அப்படியானால் ‘`ufw` என்றால் என்ன’ என்ற பாதி அவருடைய பதிவிலிருந்து கழிந்துவிடும். மிஞ்சுவது இரண்டு சர்வர், ஒரு டேட்டாபேஸ், நடுவில் ஒரே ஒரு வாசல் என்ற குறிப்பான நிலைமை. ஆசிரியருக்கு எழுதும் முன்மொழிவில் இந்தக் குறுகிய தலைப்பைத்தான் சொல்ல வேண்டும். இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. வேறிடத்தில் வெளியான பதிவை அப்படியே மறுபடி போடப் பெரும்பாலான தளங்கள் விரும்புவதில்லை. கோணம் மாறினால் கட்டுரையைப் புதிதாக எழுதியே தீர வேண்டியிருக்கும். மறுபதிப்புச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, வாசகர் எங்கிருந்து கிளம்புகிறார் என்ற கேள்வி. விருந்தினர் கட்டுரைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

வலைப்பூவில் அவர் முதலில் ஃபயர்வாலை இயக்கச் சொல்லியிருந்தார். அவருடைய சர்வரில் அது அணைந்து கிடந்தது. டிஜிட்டல் ஓஷன் கட்டுரைகளில் தலைப்புக்கும் அறிமுகத்துக்கும் அடுத்தபடியாக ‘முன்தேவைகள்’ என்ற பகுதி வரும். புதிய உபுண்டு சர்வரை முதன்முதலாகத் தயார் செய்யும் கட்டுரை ஒன்றை அங்கே சுட்டுவது அந்தத் தளத்தின் வழக்கம். அந்தத் தயாரிப்புக் கட்டுரையிலேயே `ufw`வை இயக்குவதும், சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். வாசலைத் திறந்துவைப்பதும் முடிந்துவிடுகின்றன. ஆகவே அங்கிருந்து வருபவருக்கு ஃபயர்வால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். விருந்தினர் கட்டுரையின் முதல் கட்டளை, அதை இயக்குவதாக இருக்கக் கூடாது. நிலவரம் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

```
sudo ufw status
```

இந்தப் பட்டியலில் `OpenSSH` இருக்கிறதா என்று வாசகர் பார்த்துக்கொள்ள வேண்டும் என ஒரு வாக்கியம் சேர்ப்பது அவசியம். முன்தேவையைத் தாண்டிக் குதித்து நேராக இங்கே வந்தவர் ஒருவராவது இருப்பார். அந்த வாசலைத் திறக்காமல் ஃபயர்வாலை இயக்கினால் அவர் தன் சர்வருக்கு வெளியே தானே நிற்க நேரும். இந்தத் தவறு உடனே தெரியாமலும் போகலாம் என்பதுதான் விபரீதம். ஏற்கெனவே இணைந்திருக்கும் சாளரம் பெரும்பாலும் அறுபடாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அதை மூடிவிட்டு மறுநாள் நுழையப் பார்க்கும்போதுதான் கதவு அடைத்திருப்பது தெரியும். அதனால் அனுபவசாலிகள் பழைய சாளரத்தை மூடாமல், இரண்டாவது சாளரத்தில் ஒரு முறை நுழைந்து பார்ப்பார்கள். நண்பர்களுக்கு எழுதியபோது இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்பின் தெரியாத வாசகருக்குக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

பிறகுதான் கட்டுரையின் உயிரான வரி வருகிறது:

```
sudo ufw allow from your_web_server_ip to any port 5432 proto tcp
```

இணையதள சர்வரின் முகவரியிலிருந்து வருபவருக்கு மட்டும் 5432 என்ற வாசலைத் திற என்று பொருள். போஸ்ட்கிரெஸ் வழக்கமாகக் காத்திருக்கும் வாசல் எண் அது. வலைப்பூப் பதிவு இதோடு முடிந்திருந்தது. அவருக்கு இது வேலை செய்தது. புதிய சர்வரில் செய்யாது. நிறுவியதும் போஸ்ட்கிரெஸ், தான் இருக்கும் சர்வருக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே கேட்கும். வெளி அழைப்பையும் கேட்க வைக்க `postgresql.conf` கோப்பில் `listen_addresses` என்ற வரியை மாற்ற வேண்டும். யாரை அனுமதிப்பது என்று `pg_hba.conf` கோப்பிலும் எழுத வேண்டும். அவர் இரண்டையும் எப்போதோ செய்து முடித்திருந்தார். அதனால் பதிவு எழுதும்போது அவை நினைவுக்கே வரவில்லை.

இப்படி விட்டுப்போனதை நினைவுகூர்ந்து கண்டுபிடிக்க முடியாது. புதிதாக இரண்டு சர்வர்களை வாடகைக்கு எடுத்து, கட்டுரையில் இருப்பதை மட்டும், இருக்கும் வரிசையில் தட்டச்சு செய்து பார்ப்பதுதான் வழி. சில மணி நேரத்துக்கான வாடகை மிகச் சிறு தொகைதான். அப்படிச் செய்யும்போது பிழை வந்தால், பிழையின் தன்மையே காரணத்தைச் சொல்லிவிடும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே பதில் வந்தால் ஃபயர்வாலைத் தாண்டியாகிவிட்டது, போஸ்ட்கிரெஸ்தான் வெளி அழைப்பைக் கேட்கவில்லை என்று அறியலாம். பதிலே வராமல் நெடுநேரம் காத்திருந்து அறுந்தால் ஃபயர்வால் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். `ufw` வழக்கமான அமைப்பில் வேண்டாத அழைப்புகளுக்கு மறுப்புக்கூடச் சொல்லாமல் விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டை இரண்டு வாக்கியத்தில் கட்டுரையிலேயே சேர்த்துவிட்டால், அந்தத் தளம் வலியுறுத்தும் ‘தன்னளவில் முழுமை’ என்ற விதி நிறைவேறுகிறது. அதாவது, வாசகர் வேறெங்கும் ஓடாமல் இந்த ஒரு கட்டுரையை வைத்தே வேலையை முடிக்க முடிய வேண்டும்.

வாசகரைச் சரிசெய்த பிறகுதான் நடையைத் தொட வேண்டும். முதலில் நடையைத் திருத்தினால், பிறகு சேர்க்கும் பத்திகளுக்கெல்லாம் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

டிஜிட்டல் ஓஷன் கையேடு கேட்கும் தொனி, நட்பானது, ஆனால் ஒழுங்கானது. ‘நான்’ கிடையாது. ‘நீங்கள் அமைப்பீர்கள்’ என்று வாசகரை நோக்கிப் பேச வேண்டும். எமோஜி, மீம், வட்டாரக் கிண்டல் எதுவும் வேண்டாம். உலகின் பல மூலைகளில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்கள் அங்கே வருகிறார்கள். உட்தலைப்புகள் ‘படி 1’, ‘படி 2’ என்ற எண்ணோடு, செய்யும் செயலைச் சொல்ல வேண்டும். கட்டளையை வெறுமனே போடாமல், அது என்ன செய்கிறது என்பதையும் விளக்க வேண்டும். நம் கோவைக்காரரின் பதிவில் இப்படி ஒரு பத்தி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

‘நான் எப்பவும் முதல்ல பண்றது இதுதான். 5432-ஐத் திறந்து விட்டுட்டுப் போய் டீ குடிச்சிட்டு வரலாம், அவ்வளவு ஈஸி!’

மாற்றிய பிறகு அது இப்படி நிற்கும்:

‘இந்தப் படியில், இணையதள சர்வரிலிருந்து வரும் அழைப்புகளை மட்டும் டேட்டாபேஸ் சர்வர் ஏற்கும்படி ஒரு விதியைச் சேர்ப்பீர்கள். பிற முகவரிகளிலிருந்து 5432 வாசலுக்கு வரும் அழைப்புகளை ஃபயர்வால் தொடர்ந்து தடுக்கும்.’

டீ போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. ஆனால் கவனித்தால், பழைய பத்தியில் இல்லாத ஒரு தகவல் புதியதில் சேர்ந்திருக்கிறது: மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பது. எழுதியவரின் அனுபவத்துக்குப் பதிலாக வாசகருக்குக் கிடைக்கும் விளைவு வந்து உட்கார்ந்திருக்கிறது. கையேடு கேட்பது அந்த இடமாற்றத்தைத்தான்.

சிறு விதிகளும் இப்படியே. அந்தத் தளத்தில் மாதிரிப் பயனர் பெயர் எப்போதும் `sammy`. நிறுவனத்தின் சின்னமான சுறாமீனின் பெயர் அது. மாதிரி முகவரிகள் `your_server_ip`, `your_domain`. கோப்பைத் திருத்த `nano`. எழுதுபவர் இருபது வருடமாக `vi` பயன்படுத்துபவராக இருந்தாலும் கட்டுரையில் `nano`தான். ஒரு கட்டுரையில் தொடங்கி இன்னொன்றுக்குத் தாவும் வாசகருக்குப் பெயர்கள் மாறாமல் இருப்பது பெரிய உதவி. மேலும், தன் நிறுவனத்தின் உண்மையான சர்வர் முகவரியைப் பதிவில் காட்டியிருந்தால் அது போய்விடுவது எல்லோருக்கும் நல்லது.

இனி லிங்க்குகள். இந்த இடத்தில் தளங்கள் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்கள், கொஞ்சம் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்களிலிருந்து எத்தனை லிங்க் வருகிறது, எப்படிப்பட்ட பக்கங்களிலிருந்து வருகிறது என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணிக்கும் முறையோடு கூகுள் 1998இல் வந்தது. லிங்க்குக்கு விலை வந்தது. வலைப்பூக்களின் பின்னூட்டங்களில் குப்பை லிங்க்குகள் குவியவே, 2005 ஜனவரியில் `nofollow` என்ற அடையாளம் அறிமுகமானது: இந்த லிங்க்கை மதிப்புக் கணக்கில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு. பின்னூட்ட வழி அடைபட, விருந்தினர் கட்டுரை என்ற பெயரில் லிங்க் விற்கும் வியாபாரம் வளர்ந்தது. 2014 ஜனவரியில், கூகுளில் குப்பைத் தளங்களைத் தடுக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸ், தேடலில் முன்னேறுவதற்காகச் செய்யும் விருந்தினர் பதிவுகளின் காலம் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு மார்ச்சிலேயே ஒரு பெரிய விருந்தினர் பதிவு வலையமைப்பின் மேல் கூகுள் நடவடிக்கை எடுத்தது. 2019 செப்டம்பரில், காசு வாங்கிய லிங்க்குக்கு `sponsored`, பயனர்கள் போடும் லிங்க்குக்கு `ugc` என்று இரண்டு புதிய அடையாளங்கள் சேர்ந்தன.

விருந்தினர் போட்ட லிங்க்கால் வரும் தண்டனை, இடம் கொடுத்த தளத்தின் தலையிலும் விழலாம் என்பதே இதன் சாரம். அதனால்தான் ஆசிரியர் ஒவ்வொரு லிங்க்கையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்.

நம் பதிவின் ஐந்து லிங்க்குகளை இப்போது வரிசையாக எடுக்கலாம். முதலாவது, ‘கோவையின் சிறந்த சர்வர் பராமரிப்புச் சேவை’ என்ற சொற்களின் மேல் போட்ட, தன் நிறுவனப் பக்கத்துக்கான லிங்க். தேடுசொல்லை அப்படியே லிங்க்குக்குப் போர்த்துவது கூகுள் தன் விதிகளில் பெயர் சொல்லிக் கண்டிக்கும் பழக்கம். இது வெளியே. தளம் அனுமதித்தால், எழுதியவர் குறிப்பில் நிறுவனத்தின் வெறும் பெயரோடு அது இடம்பெறலாம். இரண்டாவது, வேறொரு சர்வர் நிறுவனத்துக்கு ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் லிங்க். இடம் கொடுப்பவரின் போட்டியாளருக்கு அவர் வீட்டிலேயே விளம்பரம், பேச்சே இல்லை. மூன்றாவது, `ufw` பற்றி யாரோ எழுதிய விளக்கம். அதற்கு ஈடான கட்டுரை அந்தத் தளத்திலேயே இருப்பதால் அதைச் சுட்ட வேண்டும். நான்காவது, போஸ்ட்கிரெஸ் நிறுவுவது பற்றி அவரே வலைப்பூவில் எழுதிய பழைய பதிவு. இதற்கும் தளத்தின் சொந்தக் கட்டுரை உண்டு; அது முன்தேவைகள் பகுதிக்குப் போகும். ஐந்தாவது, `pg_hba.conf` கோப்பின் எல்லா வாய்ப்புகளையும் விவரிக்கும் போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ ஆவணம். மூல ஆவணம் என்பதாலும், அத்தனையையும் கட்டுரைக்குள் சுருக்கிச் சொல்ல முடியாது என்பதாலும் இது நிற்கும்.

எல்லாத் தளங்களும் லிங்க் கொள்கையை எழுதி வைப்பதில்லை. அப்போது, அங்கே வெளியான விருந்தினர் கட்டுரைகள் சிலவற்றைத் திறந்து, பிரவுசரில் பக்கத்தின் மூலநிரலைப் பார்க்கலாம். வெளி லிங்க்குகள் இப்படி இருந்தால் அந்தத் தளம் அவற்றுக்கு மதிப்பைக் கடத்துவதில்லை என்று பொருள்:

```html
<a href="https://example.com/" rel="nofollow">…</a>
```

அப்படி இருப்பது குறையல்ல. கட்டுரையைப் படித்தவர் அந்த லிங்க்கை அழுத்தி வரத் தடை ஏதும் இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு வகைத் தளங்களைப் பற்றி. ஒரே தளத்தில் சூதாட்டம், தனிநபர் கடன், பல் மருத்துவம், சர்வர் பராமரிப்பு என்று சம்பந்தமில்லாத விருந்தினர் கட்டுரைகள் வரிசைகட்டி நின்று, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விளம்பர லிங்க் இருந்தால், அது லிங்க் விற்கும் கடை. அங்கே கட்டுரை போட்டால் வாசகரும் கிடைக்க மாட்டார், பெயரும் கெடும்.

இதே கட்டுரை வேறொரு வாசலுக்குப் போனால் மாற்றங்களும் வேறாகும். 2012 முதல் தமிழில் வெளிவரும் கட்டற்ற மென்பொருள் இதழான ‘கணியம்’ தன் படைப்புகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறது. `ufw`வும் போஸ்ட்கிரெஸும் கட்டற்ற மென்பொருள்கள் என்பதால் பொருள் பொருந்துகிறது. ஆனால் கட்டளைகள் ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் இருக்கும். ஃபயர்வால் என்றால் என்ன என்பதைத் தமிழில் அடியிலிருந்து சொல்ல வேண்டிவரலாம். டிஜிட்டல் ஓஷனுக்காக வெட்டிய பாதி இங்கே திரும்பவும் தேவைப்படும். உரிமம் தாராளமானது என்பதால் பிறர் அதை எடுத்து மறுபடி வெளியிடவும் வழியுண்டு. ஒரு தளத்துக்குத் தந்த கட்டுரையை இன்னொன்றுக்கும் தர நினைப்பவர், முதல் தளத்தின் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அனுப்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: வெளியான பிறகு கட்டுரையை யார் திருத்துவார்கள்? உபுண்டு 22.04இல் வரும் போஸ்ட்கிரெஸ், பதிப்பு 14, 24.04இல் பதிப்பு 16. கட்டுரையில் `/etc/postgresql/14/main/` என்று இருந்த பாதை, புதிய சர்வரில் `/etc/postgresql/16/main/` ஆகிவிடும். நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. சில தளங்களில் ஆசிரியர் குழுவே கட்டுரையைப் புதுப்பித்து, தலைப்பில் பதிப்பு எண்ணையும் மாற்றிவிடும். அப்போது லிங்க்குகளும் மாறலாம். வேறு சில தளங்களில் எழுதியவருக்கே கடிதம் வரும்.